‘அடுத்த வாரம்’ என்பது தேதி அல்ல

பல்கலைக்கழக அலுவலகங்களில் அதிகம் புழங்கும் கால அளவு செமஸ்டர் அல்ல, ‘அடுத்த வாரம்’. ஆய்வு உதவித்தொகை எப்போது வரும் என்று கேட்டால் அடுத்த வாரம். அடுத்த வாரம் கேட்டால், ஃபைல் நகர்ந்துவிட்டது, இன்னும் ஒரு வாரம். சொல்பவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அவருக்கே தெரியாது. தெரியாதவரிடம் தேதி கேட்டால் கிடைப்பது ஆறுதல்தான்.

பாலக்காடு, இடுக்கி எல்லையில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த ஆறுதலின் விலை அதிகம். 1956இல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் கேரளத்தின் பக்கம் அமைந்தன. இடுக்கி மாவட்டத்துக் கல்லூரிகள் கோட்டயத்தை ஒட்டியுள்ள மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் கீழும், பாலக்காட்டுக் கல்லூரிகள் மலப்புரம் மாவட்டத்து தேஞ்ஞிப்பலத்தில் உள்ள கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கீழும் வருகின்றன. மறையூரிலிருந்தோ வட்டவடையிலிருந்தோ கோட்டயம் போய் ஒரு கிளார்க்கைப் பார்த்துத் திரும்புவது ஒரு நாள் வேலை அல்ல. கொழிஞ்சாம்பாறையிலிருந்து தேஞ்ஞிப்பலம் போவதற்கும் 100 கிலோமீட்டருக்கு மேல் பயணம். ‘அவர் இன்று லீவு’ என்ற பதிலுக்காக இரண்டு நாளும் பஸ் கட்டணமும் செலவாகின்றன. வளாகத்துக்குள் விடுதியில் இருக்கும் மாணவர் தினமும் போய் நிற்கலாம். எல்லையில் இருப்பவருக்கு அது முடியாது. அவருக்காகக் கடிதம்தான் போய் நிற்க வேண்டும்.

தொகை சிறியதல்ல. பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி. தரும் இளநிலை ஆய்வு உதவித்தொகை (ஜே.ஆர்.எஃப்.) 2023 ஜனவரி 1 முதல் மாதம் 37,000 ரூபாய், முதுநிலை (எஸ்.ஆர்.எஃப்.) 42,000. எஸ்டேட் லயத்து வீட்டிலிருந்து படிக்க வந்த ஒருவருக்கு இது படிப்புச் செலவு மட்டுமல்ல, பல நேரம் வீட்டின் முதல் நிலையான வருமானம். அது நிற்கும்போது மெஸ் பாக்கி, வாடகை, வட்டிக் கடன் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று இறந்தபோது விட்டுச்சென்ற கடிதத்திலும் இந்தக் கணக்கு இருந்தது. தனக்கு 7 மாத உதவித்தொகை, 1,75,000 ரூபாய் வரவேண்டும், அது தன் குடும்பத்துக்குச் சேர வேண்டும் என்று அவர் எழுதியிருந்தார். அப்போதைய விகிதம் மாதம் 25,000. அந்தத் துயரத்துக்கு வேறு பெரிய காரணங்கள் உண்டு. ஆனால் வர வேண்டிய பணத்தின் கணக்கு ஓர் இளைஞரின் கடைசிக் கடிதத்தில் இடம்பெற்றது என்பதை எந்த அலுவலகமும் மறக்கக் கூடாது.

சரி, தேதியை எப்படி வாங்குவது? முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பல்கலைக்கழகத்தால் தேதி சொல்ல முடியாது. ஒரு மேசையால்தான் சொல்ல முடியும், அதுவும் அந்த மேசையில் நடக்க வேண்டிய வேலைக்கு மட்டும். ஆகவே ‘பணம் எப்போது வரும்?’ என்பது தவறான முதல் கேள்வி. ‘என் ஃபைல் இப்போது எந்த மேசையில், எதற்காகக் காத்திருக்கிறது?’ என்பதே சரியான கேள்வி.

யு.ஜி.சி. உதவித்தொகை நடக்கும் வழி இது: மாணவர் அந்த மாதம் ஆய்வில் தொடர்ந்தார் என்பதை நெறியாளரும் துறைத் தலைவரும் உறுதி செய்கிறார்கள். அது உதவித்தொகைப் பிரிவுக்குப் போகிறது. அங்கே ‘மேக்கர்’ எனப்படும் அலுவலர், கனரா வங்கி நடத்தும் இணைய தளத்தில் அந்த மாதத்துக்கான உறுதிப்பாட்டைப் பதிவு செய்கிறார். ‘செக்கர்’ எனப்படும் இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் தருகிறார். அதன் பிறகே பணம் மாணவரின் கணக்குக்கு நேரடியாகப் புறப்படுகிறது. மேக்கர் இடம் மாறிப் போனாலோ, செக்கர் நீண்ட விடுப்பில் இருந்தாலோ, மாணவர் மீது எந்தக் குறையும் இல்லாமலே ஒரு மாதம் விடுபடும். விடுபட்ட மாதம் நிலுவையாகிறது. நிலுவை தானாக வராது, யாராவது அதைக் கேட்டு எழுத வேண்டும்.

கல்லூரி ஆய்வு மையத்தில் சேர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. மேக்கரும் செக்கரும் சில இடங்களில் கல்லூரியிலேயே இருப்பார்கள், சில இடங்களில் பல்கலைக்கழகத்தில் இருப்பார்கள். உங்கள் பெயருக்கு யார் என்று தெரியாமல் போனால், கல்லூரி பல்கலைக்கழகத்தையும் பல்கலைக்கழகம் கல்லூரியையும் கைகாட்டும். அந்த இரண்டு பேரின் பதவியையும் அலுவலகத்தையும் தெரிந்துகொள்வது பாதி வேலை.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். தேவிகுளம் தாலுகாவைச் சேர்ந்த ஒரு மாணவி, பாலக்காடு மாவட்டக் கல்லூரி ஒன்றின் ஆய்வு மையத்தில் 2023 ஆகஸ்ட் 1 அன்று ஜே.ஆர்.எஃப். உடன் சேர்ந்தார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டு 2025 ஜூலை 31இல் முடிகிறது. ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து அவர் எஸ்.ஆர்.எஃப். ஆக உயர வேண்டும். இதுதான் பலருக்கும் பணம் நிற்கும் இடம். உயர்வு தானாக நடக்காது. நெறியாளர், துறைத் தலைவர், வெளியிலிருந்து வரும் ஒரு துறை வல்லுநர் ஆகிய மூவர் குழு, இரண்டு ஆண்டு வேலையைப் பார்த்து, திருப்தி என்று எழுதித்தர வேண்டும். அந்த அறிக்கை பிரிவுக்குப் போய், தளத்தில் ஏற்ற வேண்டும்.

வெளி வல்லுநருக்குத் தேதி ஒத்துவராததால் குழு செப்டம்பர் 18இல்தான் கூடியது. அறிக்கை அக்டோபர் 6இல் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தது. டிசம்பர் முடிந்தும் பணம் இல்லை. ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை 5 மாதம். 42,000 வீதம் 2,10,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி இதில் சேரவில்லை. மாணவி நவம்பரில் இரண்டு முறை போனில் கேட்டார். இரண்டு முறையும் அடுத்த வாரம்.

இங்கே அவர் செய்ய வேண்டியது கோபித்துக்கொள்வது அல்ல, பிரித்துப் பார்ப்பது. குழு கூடியாயிற்று. அறிக்கை வந்து சேர்ந்தாயிற்று. அதற்குப் பிரிவு போட்ட வரவு எண் கையில் இருக்கிறது. ஆகவே நெறியாளரிடமோ துறையிலோ தாமதம் இல்லை. மிச்சம் மூன்று படிகள்: உயர்வைத் தளத்தில் ஏற்றுவது, ஐந்து மாத உறுதிப்பாடு, செக்கரின் ஒப்புதல். மூன்றும் ஒரே பிரிவின் கையில் இருப்பவை. இப்போது அவரால் தேதி கேட்க முடியும். கடிதம் இவ்வளவு போதும்:

‘என் எஸ்.ஆர்.எஃப். உயர்வுக்கான குழு அறிக்கை 6.10.2025 அன்று தங்கள் பிரிவில் இந்த வரவு எண்ணில் பெறப்பட்டது. 2025 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை 5 மாத உதவித்தொகை, மாதம் 42,000 வீதம் 2,10,000 ரூபாய், எனக்கு வரவில்லை. கீழ்க்கண்ட மூன்றுக்கும் தேதி தெரிவிக்க வேண்டுகிறேன். ஒன்று, உயர்வு தளத்தில் ஏற்றப்பட்ட, அல்லது ஏற்றப்படவிருக்கும் தேதி. இரண்டு, ஐந்து மாதங்களுக்கும் மேக்கர் பதிவு முடியும் தேதி. மூன்று, செக்கர் ஒப்புதல் தரும் தேதி. என்னிடமிருந்து ஏதேனும் ஆவணம் தேவைப்பட்டால் அதன் பெயரைத் தெரிவித்தால் மூன்று நாளில் அனுப்புகிறேன். 20ஆம் தேதிக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்.’

இந்தக் கடிதத்தில் கஷ்டம், கடன், அம்மாவின் உடல்நிலை எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவை உண்மையாக இருந்தாலும், படிப்பவருக்கு அனுதாபப்பட ஒரு வாய்ப்பைக் கொடுத்து, பதில் எழுதும் கடமையிலிருந்து விடுவித்துவிடும். மூன்று தேதி கேட்ட கடிதத்துக்கு அனுதாபம் பதிலாகாது. ‘ஏதேனும் ஆவணம் தேவைப்பட்டால்’ என்ற வரிதான் அதில் முக்கியமானது. நான்கு மாதம் கழித்து ‘நீங்கள் ஒரு சான்றிதழ் தரவில்லையே’ என்று சொல்லும் கதவை அது இப்போதே மூடுகிறது.

கடிதம் நெறியாளர், துறைத் தலைவர் வழியாகவே போக வேண்டும். நேராக அனுப்பினால் ‘முறையான வழியில் வரவில்லை’ என்று திரும்பும். ஆனால் ‘முன்கூட்டிய நகல்’ என்று எழுதி ஒரு பிரதியைப் பிரிவுக்கு நேரடியாக அனுப்புவதில் தவறில்லை. ஸ்பீட் போஸ்ட், கூடவே மின்னஞ்சல். துணைவேந்தருக்கும் பதிவாளருக்கும் முதல் கடிதத்திலேயே நகல் போடும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. மேலிருந்து ‘என்ன விஷயம்?’ என்று கேள்வி வந்தால், ஃபைல் விளக்கம் எழுதுவதற்காக மேசையை விட்டுக் கிளம்பும். மேலே போய்க் கீழே வரும் அந்த நாட்களில் தளத்தில் யாரும் எதையும் பதிவு செய்ய மாட்டார்கள். 20ஆம் தேதி பதில் இல்லாமல் கடந்தால் அப்போது நிதி அலுவலருக்கும் பதிவாளருக்கும் எழுதலாம், முதல் கடிதத்தை இணைத்து.

பிரிவு தன் வேலையை முடித்துவிட்டது, பணம் அனுப்பியாயிற்று என்று பதில் வந்தும் கணக்கில் இல்லை என்றால் சந்தேகிக்க வேண்டியது வங்கியை. ஆதார் வழியாகச் செலுத்தப்படும் தொகை, நீங்கள் விண்ணப்பத்தில் எழுதிய கணக்கைப் பார்ப்பதில்லை. ஆதாருடன் கடைசியாக எந்த வங்கி இணைக்கப்பட்டதோ அங்கே போகும். மூணாறில் பள்ளி நாட்களில் தொடங்கிய கணக்கு, பாலக்காட்டில் கல்லூரிக்காகத் தொடங்கிய கணக்கு, போனில் இரண்டு நிமிடத்தில் தொடங்கிய கணக்கு என்று மூன்று இருந்தால், மூன்றையும் பாருங்கள். ஆதார் ஆணையத்தின் தளத்தில் Bank Seeding Status என்ற இடத்தில் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று தெரியும். பழைய கணக்கு மூடப்பட்டிருந்தால் பணம் திரும்பிப் போயிருக்கும். அதுவும் ஒரு நிலுவைதான், ஆனால் அதற்குப் பல்கலைக்கழகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

சில நேரம் பல்கலைக்கழகம் உண்மையிலேயே கையறு நிலையில் இருக்கும். சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையைப் புதிதாகத் தருவதை மத்திய அரசு 2022-23இலிருந்து நிறுத்தியது. ஏற்கெனவே பெற்றுவந்தவர்களுக்குத் தொடர்ந்தது. ஆனால் 2025இல் பல மாதங்கள் அவர்களுக்கும் பணம் வரவில்லை. அந்தத் தடை எந்தப் பல்கலைக்கழகப் பிரிவிலும் இல்லை, டெல்லியில் இருந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் பிரிவிடம் தேதி கேட்பதை விட, ‘எங்கள் பங்கு இந்தத் தேதியில் முடிந்துவிட்டது’ என்று எழுத்தில் கேட்டு வாங்குவது மேல். அந்தத் தாளுடன் மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளமான pgportal.gov.in இல் புகார் செய்யலாம். 2024 ஆகஸ்டிலிருந்து அங்கே தீர்வுக்கான கெடு 21 நாள்.

பல்கலைக்கழகமோ மாநில அரசோ தரும் உதவித்தொகையானால் வழி வேறு. அங்கே பில் தயாரித்து, ஒதுக்கீடு பார்த்து, மாநில நிதியானால் டிரஷரி வழியாகப் போக வேண்டும். நிதி நெருக்கடி நாட்களில் குறிப்பிட்ட தொகைக்கு மேலான பில்கள் நிதித்துறை அனுமதிக்காகக் காத்திருக்கும். இங்கே கவனிக்க வேண்டிய தேதி மார்ச் 31. அதற்குள் பாஸாகாத பில், புதிய ஆண்டில் புதிய ஒதுக்கீட்டைத் தேட வேண்டியிருக்கும். அதனால் பிப்ரவரிக் கடிதத்துக்கு ஏப்ரல் கடிதத்தை விடப் பலம் அதிகம்.

எல்லைத் தமிழர்கள் எந்த மொழியில் எழுதுவது? கேட்க வேண்டிய கேள்விதான். அரசியல் சாசனத்தின் 350ஆம் பிரிவு, ஒரு குறையைத் தீர்க்கக் கோரும் மனுவை மத்தியிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் தரலாம் என்கிறது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தங்கள் மொழியில் எழுதவும், பதிலை அதே மொழியில் பெறவும் இடம் தந்தது. ஆகவே மாநிலத் துறை தரும் உதவித்தொகைக்குத் தமிழில் எழுதுவது உரிமை கேட்பது, சலுகை கேட்பது அல்ல. ஆனால் சட்டத்தின் அந்த வரி அரசு அலுவலகங்களைத்தான் சொல்கிறது. பல்கலைக்கழகப் பிரிவு தனி உடல். அங்கே மேசையில் இருப்பவர் படிக்கும் மொழியில் எழுதினால் ஒரு வாரம் மிச்சம். மனு தமிழில் இருக்கலாம், இணைப்பாக ஒரு பக்க ஆங்கிலச் சுருக்கம் இருக்கட்டும்.

பதிலே இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம், 2005. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில். இங்கே மொழியைப் பற்றி ஜாக்கிரதை தேவை: சட்டத்தின் 6ஆம் பிரிவு ஆங்கிலம், இந்தி அல்லது அந்தப் பகுதியின் ஆட்சிமொழி என்று வரையறுக்கிறது. எனவே ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ எழுதுவது பாதுகாப்பு. இன்னொரு எச்சரிக்கை, ‘ஏன் பணம் தரவில்லை?’ என்று கேட்காதீர்கள். சட்டம் தருவது பதிவில் இருக்கும் தகவலை. பதிவில் இல்லாத காரணத்தை உருவாக்கிச் சொல்லும் கடமையை அது விதிக்கவில்லை. அந்த மாணவி கேட்க வேண்டியவை: 6.10.2025 அன்று வந்த அறிக்கையின் மீது எழுதப்பட்ட குறிப்புத் தாளின் நகல், ஃபைல் ஒவ்வொரு மேசைக்கும் போன தேதி, ஐந்து மாதங்களுக்கும் மேக்கரும் செக்கரும் பதிவு செய்த தேதிகள், இன்றைய நிலையில் அது யாருடைய பதவியின் கீழ் இருக்கிறது என்பது. பதிவு செய்யவே இல்லையென்றால் ‘தேதி இல்லை’ என்று அவர்கள் எழுதித்தர வேண்டும். அந்தப் பதிலை எழுதுவதை விடப் பதிவைச் செய்துவிடுவது சுலபம் என்று பல மேசைகளுக்கு அப்போது தோன்றும்.

30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் அதே பல்கலைக்கழகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அதற்கும் பிறகு மாநிலத் தகவல் ஆணையம். காரணமின்றித் தாமதம் செய்த அலுவலருக்கு ஆணையம் நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் இந்தச் சட்டம் பணத்தை வாங்கித் தராது, ஆதாரத்தை மட்டும் தரும். பணத்துக்கு உத்தரவு வேண்டுமானால் அரசியல் சாசனத்தின் 226ஆம் பிரிவின் கீழ் எர்ணாகுளத்தில் உள்ள உயர் நீதிமன்றம்தான். அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பதும் ஒரு தேதிதான்: மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்க உத்தரவிட வேண்டும் என்று. எழுத்தில் ஒரு மனு கொடுத்து, அது பெறப்பட்டதற்குச் சான்று இல்லாதவரால் அந்த உத்தரவைக் கேட்கக்கூட முடியாது. போனில் கேட்ட இரண்டு ‘அடுத்த வாரம்’களுக்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை.

இதற்கெல்லாம் ஒரு தயக்கம் குறுக்கே நிற்கும் என்பது உண்மை. நெறியாளரின் கையெழுத்து இன்னும் மூன்று ஆண்டுக்கு வேண்டும். அவர் மனம் கோணுமோ என்ற பயம். அதனால்தான் கடிதம் யாரையும் குற்றம் சொல்லாமல் மூன்று தேதிகளை மட்டும் கேட்கிறது. குழு அறிக்கையில் கையெழுத்திட்ட நெறியாளர் அதை அனுப்பிவைக்கத் தயங்க வேண்டிய காரணம் எதுவும் அதில் இல்லை. பெரும்பாலான நெறியாளர்கள் தங்கள் மாணவருக்குப் பணம் வரவில்லை என்பதையே இப்படி ஒரு தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

ஒரு திட்டவட்டமான தேதி கிடைத்தால் அது இரண்டு மாதம் தள்ளி இருந்தாலும் பரவாயில்லை. மார்ச் 10 என்று தெரிந்தால் வீட்டுக்காரரிடம் மார்ச் 10 என்று சொல்லலாம், மெஸ்ஸில் கையெழுத்துப் போட்டுத் தவணை கேட்கலாம், வட்டிக்கு வாங்குவதானால் எவ்வளவு நாளுக்கு என்று கணக்குப் போடலாம். தேதி இல்லாத பாக்கிக்கு இவை எதுவும் நடக்காது. உதவித்தொகை தாமதமாவது அலுவலகங்களுக்குச் சகஜம். ஆனால் தாமதம் எத்தனை நாள் என்று சொல்லாமல் இருப்பதற்கு எந்த விதியும் அவர்களுக்கு அனுமதி தரவில்லை.